முத்திரையா, முடித்த வேலையா? ஆலையடிவேம்பிலிருந்து மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு இறங்குபவர்களுக்கு

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, கல்முனைப் பகுதிகளில் மூன்று மொழிகளும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அம்பாறைக் கச்சேரியிலிருந்து வரும் காணிக் கடிதம் சிங்களத்தில் இருக்கும். லண்டனில் இருக்கும் மகனோ, ரொறன்ரோவில் இருக்கும் சகோதரியோ கேட்பது ஆங்கிலப் பிரதி. யுத்தமும் 2004 டிசம்பர் சுனாமியும் இந்தக் கரையோரத்தில் பல குடும்பங்களின் ஆவணங்களை அழித்துவிட்டன. மீளப் பெற்றவையும் பின்னாளில் வழங்கப்பட்டவையும் வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களோடு இருக்கின்றன. ஆகவே இங்கே மொழிபெயர்ப்புக்குத் தேவை குறைவதில்லை.

மூன்று மொழியும் தெரிந்த இளைஞர், யுவதிகள் வீட்டிலிருந்தபடியே இதைத் தொழிலாகச் செய்ய முற்படும்போது முதலில் எழும் கேள்வி, “எந்தச் சான்றிதழை எடுத்தால் வேலை வரும்?” என்பதுதான். சிலர் பணம் கட்டி இணையப் பாடநெறிகளை அடுக்கடுக்காக முடிக்கிறார்கள். சிலர் எந்தச் சான்றிதழும் வேண்டாம், வேலை தெரிந்தால் போதும் என்கிறார்கள். இரண்டு தரப்பும் பாதிதான் சரி. நீங்கள் மொழிபெயர்த்த தாளைக் கடைசியில் கையில் எடுத்துப் பார்ப்பவர் யார் என்பதிலிருந்து இந்தக் கேள்வியைத் தொடங்கவேண்டும்.

தாளைப் பார்ப்பவர் யார்?

மொழிபெயர்ப்பைக் கேட்டு வருபவர் வேறு, அதைப் பரிசோதிப்பவர் வேறு. பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரும் தாய்க்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். அதை வாசிக்கப்போகும் விசா அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இருவராலும் உங்கள் வேலை சரியா பிழையா என்று தாங்களாகவே பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் மூன்றாம் தரப்பு ஒன்றின் முத்திரை தேவைப்படுகிறது. சான்றிதழின் உண்மையான பயன் அதுதான்.

மாறாக, ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் தமிழ் தெரிந்த மீள்பார்வையாளர் ஒருவர் இருப்பார். உங்கள் இருநூறு சொற்களை வாசித்தாலே அவருக்குத் தரம் தெரிந்துவிடும். அங்கே சுவரில் மாட்டிய சான்றிதழைவிட நீங்கள் முடித்த வேலை பெரிதாகப் பேசும்.

முத்திரை கட்டாயம் என்று எல்லோரும் நினைக்கும் வெளிநாட்டு விண்ணப்பங்களிலும்கூட விதிகள் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்கக் குடிவரவு விதி மொழிபெயர்ப்பாளருக்கு உத்தியோகபூர்வப் பதிவு இருக்கவேண்டும் என்று கேட்பதில்லை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்றும், தான் அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தகுதியுள்ளவர் என்றும் மொழிபெயர்ப்பாளர் எழுத்தில் உறுதிப்படுத்தவேண்டும் என்றுதான் கேட்கிறது. பிரித்தானியா கேட்பது, இது மூல ஆவணத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, திகதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் ஆகியவற்றை.

கனடா சற்று இறுக்கமானது. தொழில்சார் சங்கமொன்றில் அங்கத்துவம் உள்ள, சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்யாவிட்டால், மொழிபெயர்த்தவரின் சத்தியக்கடதாசியும் சேர்த்து அனுப்பப்படவேண்டும். விண்ணப்பதாரியின் குடும்பத்தவர் மொழிபெயர்க்கக்கூடாது. அவுஸ்திரேலியாவில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பவர் ‘நாட்டி’ எனப்படும் தேசிய அமைப்பின் சான்று பெற்றிருக்கவேண்டும். ஆனால் வெளிநாட்டில் செய்யப்படும் மொழிபெயர்ப்புக்கு அது கட்டாயமில்லை. மொழிபெயர்ப்பாளரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அந்த மொழியில் உள்ள தகைமையும் அனுபவமும் ஆங்கிலத்தில் குறிப்பிடப்பட்டால் போதும்.

விதிகள் மாறக்கூடியவை. ஒவ்வொரு வேலையின்போதும் அந்தந்த நாட்டின் குடிவரவுத் திணைக்களப் பக்கத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்வது மொழிபெயர்ப்பாளரின் வேலையில் ஒரு பகுதி.

உண்மையில் கதவைத் திறக்கும் சான்றுகள்

இலங்கையின் நீதிமன்றங்களுக்கும் பெரும்பாலான அரச அலுவலகங்களுக்கும், இங்குள்ள பல தூதரகங்களுக்கும் ஆவணம் செல்லும்போது கேட்கப்படுவது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் முத்திரையும். இதற்கு மாற்று இல்லை. எவ்வளவு அழகான வேலைத் தொகுப்பைக் காட்டினாலும் முத்திரை இல்லாத தாள் திரும்பி வரும். இந்தப் பதிவு மொழிச்சோடிக்கு உரியது. தமிழ்–ஆங்கிலத்துக்குப் பதிவுபெற்றவர் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கையொப்பமிட முடியாது. ஆகவே விண்ணப்பிக்கும்போது, உங்களிடம் வரும் ஆவணங்கள் அதிகம் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போகின்றன என்று பார்த்து, அந்தச் சோடியைத் தெரிவுசெய்யவேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளவேண்டும். சமாதான நீதவான் ஒருவர் பிரதியொன்று மூலத்துக்கு ஒத்தது என்று சான்றுபடுத்தலாம். அது மொழிபெயர்ப்பு சரியானது என்பதற்கான சான்று ஆகாது. சமாதான நீதவானின் முத்திரையோடு அனுப்பிவிட்டுப் பல வாரங்கள் காத்திருந்து, திருப்பி அனுப்பப்பட்ட பிறகு மீண்டும் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நேரம் போவதோடு மொழிபெயர்த்தவரின் பெயரும் கெடுகிறது.

அவுஸ்திரேலியப் பக்கத்தில் இதைப்போலவே இன்னொரு குழப்பம் உண்டு. நாட்டி நடத்தும் பரீட்சைகளில் ‘சிசிஎல்’ என்று பரவலாக அறியப்பட்ட ஒன்று இருக்கிறது. அது அவுஸ்திரேலியக் குடிவரவு விண்ணப்பத்தில் ஐந்து மேலதிகப் புள்ளிகளைப் பெற உதவும் பரீட்சை. அதில் சித்தியடைந்தவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவதில்லை. வேலைக்குரிய சான்று ‘சேர்ட்டிஃபைட் ட்ரான்ஸ்லேட்டர்’ என்ற தனியான பரீட்சையால் கிடைப்பது. அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அவுஸ்திரேலிய நிறுவனங்களின் வேலையைக் குறிவைப்பவருக்கே அந்தச் செலவு பொருந்தும்.

இணையத்தில் சில மணிநேரக் காணொளிகளைப் பார்த்து முடித்தால் கிடைக்கும் பாடநெறிச் சான்றிதழ்கள் மூன்றாவது வகை. அவற்றிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டிருந்தால் நல்லது. ஆனால் எந்தத் தூதரகமும் அவற்றைக் கேட்பதில்லை, எந்த மீள்பார்வையாளரும் அவற்றைப் பார்த்து வேலை தருவதில்லை. சான்றிதழ் ஒன்றுக்குப் பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தச் சான்றின் பெயரைத் தன் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கும் ஒரு அலுவலகத்தையோ நிறுவனத்தையோ காட்டமுடியுமா? முடியாவிட்டால், அது வாடிக்கையாளரைக் கொண்டுவராது.

முடித்த வேலை எப்போது முந்துகிறது?

மருத்துவக் கையேடு, தொண்டு நிறுவன அறிக்கை, காணொளிகளின் உபதலைப்பு, கைப்பேசிச் செயலிகளின் சொற்கள் போன்ற வேலைகள் பெரும்பாலும் வெளிநாட்டு மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் வழியாகவே வருகின்றன. அந்த நிறுவனங்களில் பல ‘ஐஎஸ்ஓ 17100’ என்ற சர்வதேசத் தரநிலையைப் பின்பற்றுகின்றன. 2015இல் வெளியான அந்தத் தரநிலை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் பட்டம் ஒரு வழி. வேறு ஏதாவது துறையில் பட்டமும் இரண்டு ஆண்டு முழுநேரத் தொழில் அனுபவமும் இன்னொரு வழி. பட்டமே இல்லாமல் ஐந்து ஆண்டு முழுநேரத் தொழில் அனுபவம் மூன்றாவது வழி.

இந்த மூன்றையும் எங்கள் பிரதேசத்தோடு பொருத்திப் பார்க்கலாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்துவிட்டு, “இந்தப் பட்டத்தால் என்ன பயன்” என்று இருப்பவர் இரண்டாவது வழிக்குள் ஏற்கனவே பாதி நுழைந்துவிட்டார். அவருக்கு இன்னொரு சான்றிதழ் தேவையில்லை. இரண்டு ஆண்டு வேலையை நிரூபிக்கும் பதிவுதான் தேவை. இடப்பெயர்வால் உயர்தரத்தோடு படிப்பு நின்றுபோனவருக்கும் மூன்றாவது வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளை ஒருவரும் வாய்ப்பேச்சில் ஏற்கமாட்டார்கள்.

அனுபவத்தை நிரூபிப்பது பலர் நினைப்பதைவிடச் சிறிய வேலை. முதல் வேலையிலிருந்தே ஒரு கொப்பியிலோ கணினியில் ஒரு அட்டவணையிலோ ஐந்து விடயங்களை எழுதிவரவேண்டும்: திகதி, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, என்ன வகை ஆவணம், எத்தனை சொற்கள், யாருக்காகச் செய்தது. கூடவே பற்றுச்சீட்டின் பிரதியை வைத்திருக்கவேண்டும். வேலை கொடுத்தவர்களில் இருவராவது, கேட்டால் உறுதிப்படுத்தச் சம்மதித்திருக்கவேண்டும். ஆரம்பத்தில் இதைச் செய்யாமல் மூன்று, நான்கு ஆண்டுகள் வேலைசெய்தவர், உண்மையான அனுபவம் இருந்தும் அதைக் காட்ட வழியின்றி நிற்கிறார். பகுதிநேரமாகச் செய்த ஐந்து ஆண்டு முழுநேர ஐந்து ஆண்டாகக் கணக்கிடப்படாது என்பதால், சொற்களின் எண்ணிக்கையைப் பதிவது முக்கியம்.

இதற்குப் பிறகு நிறுவனம் ஒரு பரீட்சைத் துண்டு அனுப்பும். வழக்கமாக அது சில நூறு சொற்கள்தான். சம்பளமில்லாத ‘பரீட்சை’ பல பக்கங்களுக்கு நீண்டால் அது பரீட்சை அல்ல, இலவச வேலை. புரோஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் தளத்தின் ‘புளூ போர்ட்’ பகுதியில், நிறுவனங்கள் பணம் கொடுத்த விதத்தை மொழிபெயர்ப்பாளர்கள் பதிந்திருக்கிறார்கள். வேலையை ஏற்குமுன் அங்கே பார்ப்பது நல்லது.

காட்டமுடியாத வேலையைக் காட்டுவது

ஆவண மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. இதுவரை செய்த சிறந்த வேலை முழுவதும் மற்றவர்களின் அந்தரங்கம். இன்னொருவரின் பிறப்புச் சான்றிதழையோ காணாமற்போன கணவர் பற்றிய கடிதத்தையோ பெயரை மட்டும் அழித்துவிட்டு ஒரு மாதிரியாகப் போடக்கூடாது. சிறிய ஊரில் பெயர் இல்லாமலும் ஆளை அடையாளம் காணலாம். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் நம்பிக் கொடுத்த தாள் வெளியே போனால், அந்த மொழிபெயர்ப்பாளரிடம் இன்னொருவர் வரமாட்டார்.

எனவே தொகுப்பைப் புதிதாக உருவாக்கவேண்டும். கற்பனைப் பெயர்களோடு ஒரு வெற்றுப் படிவத்தை நிரப்பி, அதை மொழிபெயர்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைக்கலாம். உபதலைப்பு வேலையை விரும்புபவர் டெட் நிறுவனத்தின் தன்னார்வ மொழிபெயர்ப்பில் சேர்ந்தால், முடித்த உரையின் பக்கத்தில் அவருடைய பெயர் பகிரங்கமாக வரும். தொண்டுத் துறையை விரும்புபவர் ‘டிரான்ஸ்லேட்டர்ஸ் விதவுட் போர்டர்ஸ்’ அமைப்பில் தன்னார்வமாகச் செய்யலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பெரும்பாலான வெளியீடுகளை, வணிக நோக்கமின்றி, மூலத்தைக் குறிப்பிட்டு, இது அந்த நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு அல்ல என்ற குறிப்போடு மொழிபெயர்க்க அனுமதி உண்டு. இப்படி மூன்று துண்டுகள் போதும். முப்பது துண்டுகளை யாரும் வாசிப்பதில்லை.

அந்த மூன்று துண்டுகளுக்குள் உங்கள் திறமை எங்கே தெரியும்? எங்கள் மக்களுக்கு மிக முக்கியமான ஒரு ஆவணத்தையே உதாரணமாக எடுப்போம்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு இலங்கையில் இரண்டு வகை ஆவணங்கள் வழங்கப்படுகின்றன. ஒன்று மரணச் சான்றிதழ். காணாமற்போனவர்களுக்கு அதை வழங்க 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வழிசெய்தது. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைச் சான்றிதழ் என்ற இரண்டாவது ஆவணம் வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘சேர்ட்டிஃபிகேட் ஒஃப் அப்சன்ஸ்’. அது அந்த நபர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. தன் கணவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ள விரும்பாத ஒரு பெண், காணி, வங்கி, நலக்கொடுப்பனவு போன்ற அலுவல்களைச் செய்வதற்காகவே அது உருவாக்கப்பட்டது.

அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் இரண்டாவது ஆவணத்துக்கு மரணச் சான்றிதழின் ஆங்கிலப் பெயரை எழுதிவிட்டால் என்ன நடக்கும்? லண்டனில் இருக்கும் மகன் தன் வாக்குமூலத்தில், “அப்பா காணாமற்போனவர், தேடிக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்லியிருப்பார். ஆவணம், “இறந்துவிட்டார்” என்கிறது. அதிகாரியின் கண்ணில் அது மொழிபெயர்ப்புப் பிழையாகத் தெரியாது. மகன் முரணாகப் பேசியதாகத்தான் தெரியும். ஒரே சொல்லில் ஒரு குடும்பத்தின் சாட்சியம் பலவீனமாகிவிடும்.

இதே தாளில் இன்னும் மூன்று இடங்களில் மொழிபெயர்ப்பாளரின் தரம் தெரியும். முதலாவது, பெயர். மூல ஆவணத்தில் ஆங்கில எழுத்து ஏற்கனவே இருந்தால், பிழையாகத் தெரிந்தாலும் அதை அப்படியே எழுதவேண்டும். தமிழில் மட்டும் இருந்தால், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைக் கேட்டு வாங்கி எழுதவேண்டும். இரண்டும் வேறுபட்டால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக அதைச் சொல்லவேண்டும், தானாகத் திருத்தக்கூடாது.

இரண்டாவது, திகதி. 03.04.1987 என்பது எங்களுக்கு ஏப்ரல் மூன்றாம் நாள். அமெரிக்க அதிகாரிக்கு அது மார்ச் நான்காம் நாள். மாதத்தைச் சொல்லால் எழுதினால் இந்தக் குழப்பமே வராது. மூன்றாவது, முத்திரைகளும் கையெழுத்துகளும். வட்ட முத்திரையில் உள்ள சொற்களும், ஓரத்தில் பதிவாளர் கையால் எழுதிய திருத்தமும் மொழிபெயர்ப்பில் அடைப்புக்குறிக்குள் வரவேண்டும். வாசிக்க முடியாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதவேண்டும். ஊகித்து நிரப்பக்கூடாது. ‘முழுமையான மொழிபெயர்ப்பு’ என்று கையொப்பமிடுவதன் பொருள் இதுதான்.

ஒரு மீள்பார்வையாளர் உங்கள் மாதிரித் தாளில் தேடுவதும் இவற்றைத்தான். கற்பனைப் பெயர்களோடு செய்த ஒரு பக்கத்தில் இந்த நான்கும் சரியாக இருந்தால், அது பத்துப் பாடநெறிச் சான்றிதழ்களைவிட அதிகம் சொல்லும்.

ஒருவரின் கணக்கு

உயர்தரம் முடித்த, மூன்று மொழியும் எழுதத் தெரிந்த ஒரு யுவதியை எடுத்துக்கொள்வோம். ஆலையடிவேம்பில் வீட்டில் இருந்தபடி மொழிபெயர்க்க விரும்புகிறார். கையில் உள்ள பணம் ஒரு பரீட்சைக்கு மட்டும் போதும். அவர் எதைச் செய்யவேண்டும்?

முதல் மூன்று மாதம் எந்தச் சான்றுக்கும் பணம் கட்டாமல், தன்னிடம் வரும் விசாரிப்புகளைப் பதியட்டும். பத்துப் பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் முத்திரை இல்லை என்றதும் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த ஆறில் ஐந்து தமிழ்–ஆங்கிலம், ஒன்று சிங்களம்–ஆங்கிலம். அப்படியானால் பதில் தெளிவு: நீதி அமைச்சு விண்ணப்பம் கோரும்போது தமிழ்–ஆங்கிலச் சோடிக்கு விண்ணப்பித்து, பரீட்சைக்குத் தயாராகவேண்டும். ஆனால் பத்தில் எட்டுப் பேர் கேட்டது நிறுவன அறிக்கை, உபதலைப்பு போன்றவை என்றால், பரீட்சைக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதிரித் துண்டுகளையும் அனுபவப் பதிவையும் உருவாக்குவதே சரி.

முத்திரை கிடைக்கும்வரை அவர் சும்மா இருக்கவேண்டியதில்லை. பிரதேசத்தில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு முதற்பிரதி தயாரித்துக் கொடுக்கலாம். அவர் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்திக் கையொப்பமிட்டால் அது நேர்மையான ஏற்பாடு, நல்ல பயிற்சியும்கூட. திருத்தங்களோடு திரும்பி வரும் பிரதிகளே அந்த யுவதியின் உண்மையான பாடநெறி. வாசிக்காமலே முத்திரை குத்துபவராக இருந்தால் விலகிவிடவேண்டும். பிழை கண்டுபிடிக்கப்படும் நாளில் முத்திரைக்காரரோடு இவருடைய பெயரும் போய்விடும்.

பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பதிவாளர் நாயகத் திணைக்களத்திலும் பெறலாம் என்பதையும் அவர் கணக்கில் எடுக்கவேண்டும். வாடிக்கையாளரிடம் அதை மறைக்காமல் சொல்வதே நல்லது. உறுதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள், பொலிஸ் முறைப்பாடுகள், வைத்தியசாலைக் குறிப்புகள், கிராம உத்தியோகத்தரின் கடிதங்கள் ஆகியவற்றில்தான் மொழிபெயர்ப்பாளரின் உழைப்புக்கு நீண்டகால இடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. வேலை தேடி அனுப்பும் சுயவிபரக் கோவைகளைத் திருடி, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, மற்றவரின் பெயரில் வேலை எடுக்கும் மோசடி இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. ஆகவே கோவையில் தேசிய அடையாள அட்டை இலக்கமோ சான்றிதழ்களின் படமோ இருக்கக்கூடாது. முத்திரையின் தெளிவான படத்தை எங்கும் பகிரவே கூடாது. நிறுவனம் உண்மையானது என்று உறுதியான பிறகு, கேட்கப்பட்ட சான்றை மட்டும் அனுப்பினால் போதும். உண்மையான நிறுவனம் அதன் சொந்த முகவரியிலிருந்து எழுதும். வேலைக்கு முன் பணம் கேட்காது. தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டோம், மிகுதியைத் திருப்பி அனுப்புங்கள் என்றும் சொல்லாது.